போன்ல கேட்ட மருந்து அளவு வயலுக்கு எப்படி வந்து சேருது: ஒரு கால் ரெக்கார்டை பயிர் அட்டவணையா மாத்துறது

கிசான் கால் சென்டருக்கு போன் போட்டு கேக்குறது இப்ப மதுரை பக்கம் சாதாரணமாயிருச்சு. 1800-180-1551, காலைல 6 மணிலருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் தமிழ்லயே பேசுவாங்க. நிறைய பேரு அந்த போன் காலை ரெக்கார்டும் பண்ணி வச்சுக்கிறாங்க. ஆனா மறுநாள் வயல்ல டேங்கோட நிக்கும்போது ரெக்கார்டை திரும்ப போட்டு கேட்டா "ஏக்கருக்கு இவ்வளவு"ன்னு வருது, நம்ம கையில இருக்குறது டேங்கு, நம்ம வயலு ஏக்கரும் இல்ல, அறுபது செண்டு, அங்கதான் எல்லா குழப்பமும் ஆரம்பிக்குது. அந்த நாலு நிமிஷ பேச்சு ஒரு அட்டவணையா எப்படி மாறணும், மாறும்போது எங்க எங்க தப்பு நடக்குதுன்னு ஒரே ஒரு உதாரணத்தை எடுத்து கடைசி வரைக்கும் போட்டுப் பாக்கலாம்.

## முதல்ல அடிப்படை: பேச்சு வேற, அட்டவணை வேற

ஆலோசகர் பேசுறது நோய் வாரியா இருக்கும். குலை நோய்க்கு இது, புழுவுக்கு இதுன்னு சொல்லிட்டே போவாங்க. வயல்ல வேலை நடக்குறது நாள் வாரியா. நாளைக்கு என்ன, பதினஞ்சு நாள் கழிச்சு என்ன, பூக்கும்போது என்ன. அதனால காலை அப்படியே எழுத்துல எழுதி வச்சா அது அட்டவணை ஆகாது, பேச்சை உடைச்சு நாள் வரிசையில அடுக்கணும். அடுக்கும்போதுதான் ரெண்டு விஷயம் வெளிய வரும்: எது சொல்லாம விட்டுப்போச்சு, எது ஒன்னோட ஒன்னு முட்டுது. இந்த ரெண்டும் காலை எத்தனை தடவை கேட்டாலும் காதுக்கு தெரியாது.

இன்னொரு வார்த்தை, "டோஸ்". டோஸுங்கிறது ஒரு நம்பர்னு நெனைக்கிறோம், அது மூணு நம்பர்.

1. மருந்தோட வீரியம். டப்பாவுல பேருக்கு பக்கத்துல இருக்குற நம்பர், 75, 18.5 இந்த மாதிரி. நூறு பங்குல எத்தனை பங்கு உண்மையான மருந்துன்னு அர்த்தம்.
2. ஒரு ஏக்கருக்கு அந்த டப்பா மருந்து எவ்வளவு, கிராமா மில்லியா.
3. அதை எத்தனை லிட்டர் தண்ணில கலந்து ஒரு ஏக்கர் முழுக்க பரப்பணும்.

மூணுல ஒன்னு இல்லைன்னாலும் அட்டவணையில அந்த வரி அரைகுறைதான்.

## உதாரண கால்

மேலூர் பக்கம் சம்பா நெல்லு, பிபிடி 5204, அதாங்க நம்ம ஆளுங்க ஆந்திரா பொன்னின்னு சொல்றது. குலை நோய்க்கு ரொம்ப சீக்கிரம் மடங்குற ரகம் அது. 60 செண்டு. நடவு அக்டோபர் 10. கால் பண்ணது நவம்பர் 9, அதாவது நட்டு 30வது நாள். இது விளக்கத்துக்காக நான் அமைச்ச கால், ஆனா இப்படித்தான் இந்த பேச்செல்லாம் போகும்.

"சொல்லுங்க ஐயா, என்ன பயிரு?"

"நெல்லு மேடம், பிபிடி. நட்டு ஒரு மாசம் ஆச்சு. இலையில கண்ணு மாதிரி புள்ளி இருக்கு, நடுவுல சாம்பலா இருக்கு. அதுபோக சில இலை சுருண்டு வெள்ளைக்கோடா கெடக்கு."

"கண்ணு மாதிரி இருந்தா அது குலை நோய்ங்க ஐயா. ட்ரைசைக்ளசோல் எழுவத்தஞ்சு, ஏக்கருக்கு நூத்தி இருவது கிராம், இருநூறு லிட்டர் தண்ணில அடிங்க. யூரியா இப்ப போடாதீங்க, நோய் அடங்குனப்புறம் அரை மூட்டை போடுங்க. சுருண்டு கெடக்குறது சுருட்டுப்புழு. அதுக்கு இப்போதைக்கு வேப்பங்கொட்டை கரைசல் அஞ்சு பர்சென்ட் போதும். பத்து பர்சென்ட்டுக்கு மேல இலை போச்சுன்னா குளோரான்ட்ரனிலிப்ரோல் பதினெட்டரை, ஏக்கருக்கு அறுவது மில்லி. பூக்குற நேரத்துல கண்ணாடி இலையில அஞ்சு பர்சென்ட்டை தாண்டுனா மறுபடி அடிக்கலாம்."

"ரெண்டையும் கலந்து அடிக்கலாமா மேடம்?"

இங்க லைன் ஒரு ரெண்டு செகண்ட் விட்டுப்போகுது.

"...பதினஞ்சு நாள் கழிச்சு பாத்துட்டு மறுபடி அடிங்க ஐயா. மழை இல்லாத நாளா பாத்துக்கங்க."

அவ்வளவுதான். நல்ல ஆலோசனை, தப்பே இல்ல. ஆனா இதுல இன்னும் அட்டவணை இல்ல.

## படி 1: காதை நம்பாம நம்பரையும் பேரையும் பிடிக்கிறது

முதல் தடவை கேக்கும்போது வேற எதையும் எழுதாம பேரையும் நம்பரையும் மட்டும் எழுதுங்க. தமிழ்ல போன் வழியா கேக்கும்போது சில நம்பரு ஒன்னு மாதிரியே விழும். இருவது, அறுவது, எழுவது மூணும் கடைசியில ஒரே சத்தம், முதல் எழுத்து லைன்ல முழுங்கிருச்சுன்னா அவ்வளவுதான். அறுவது மில்லியை இருவதுன்னு எடுத்தா மூணுல ஒரு பங்குதான் போகும், புழு சாகாது, மருந்து சரியில்லைன்னு பேரு மட்டும் கெட்டுப்போகும்.

இதைவிட அதிகமா நடக்குற தப்பு வீரியத்தை அளவா எடுத்துக்கிறது. "ட்ரைசைக்ளசோல் எழுவத்தஞ்சு"ன்னு சொன்னதும் எழுவத்தஞ்சு கிராம்னு பேப்பர்ல எழுதிட்டு, அடுத்து வர்ற நூத்தி இருவதை ரெண்டாவது தடவைக்குன்னு நெனச்சுக்கிறாங்க. அதே மாதிரி "பதினெட்டரை"யை பதினெட்டரை மில்லின்னு. இதுக்கு ஒரு எளிய வழி: பேரை ஒட்டி வர்ற நம்பர் வீரியம், "ஏக்கருக்கு"ங்கிற வார்த்தைக்கு அப்புறம் வர்ற நம்பர்தான் அளவு. ரெண்டையும் தனித்தனி கட்டத்துல எழுதுங்க.

பேரு விஷயத்துல இன்னும் கவனமா இருக்கணும், ஏன்னா அங்க தப்புனா மருந்தே மாறிரும். சில ஜோடி:

- கார்பென்டாசிம், கார்போபியூரான், கார்போசல்பான். முதல்லது பூஞ்சாணத்துக்கு, மத்த ரெண்டும் பூச்சிக்கு.
- ப்ரோபிகோனசோல், ப்ரோபெனோபாஸ். முதல்லது நோய்க்கு, ரெண்டாவது புழுவுக்கு.
- ட்ரைசைக்ளசோல், ட்ரையசோபாஸ். ரெண்டாவது இந்தியாவுல தடை பண்ண பூச்சி மருந்து, 2020 கடைசியோட நின்னுபோச்சு.

சரிபாக்குறதுக்கு ஒரு கேள்வி போதும்: கால்ல எந்த பிரச்சனைக்கு இதை சொன்னாங்க, டப்பாவுல பூஞ்சாணக்கொல்லின்னு போட்ருக்கா பூச்சிக்கொல்லின்னு போட்ருக்கா? ரெண்டும் ஒத்துப்போகலைன்னா கடையிலயே நின்னு மறுபடி போன் பண்ணிருங்க. டப்பாவோட சைஸும் ஒரு சாட்சி. ட்ரைசைக்ளசோல் 120 கிராம் பாக்கெட்டாவும், குளோரான்ட்ரனிலிப்ரோல் 60 மில்லி பாட்டிலாவும் கடையில கிடைக்கும், ஏக்கர் கணக்குக்கு தோதா அடைச்சது. நம்ம காதுல விழுந்த நம்பர் டப்பா சைஸோட பொருந்துனா பெரும்பாலும் சரியா கேட்ருக்கோம். ஆனா அதே டப்பாதான் அடுத்த தப்புக்கும் காரணம், வயலு அறுபது செண்டா இருந்தாலும் "ஒரு பாக்கெட்டுதானே"ன்னு முழுசா கொட்டுறாங்க.

## படி 2: ஏக்கர் கணக்கை டேங்க் கணக்கா மாத்துறது

இங்கதான் நிதானமா உக்காரணும். மருந்து அளவு ரெண்டு விதமா வரும், ரெண்டுக்கும் கணக்கு வேற வேற.

நிலத்தை வச்சு வர்ற அளவு. ஏக்கருக்கு 120 கிராம்னு சொன்னா அந்த 120 கிராம் ஒரு ஏக்கர் பூரா பரவணும், தண்ணி கூடுனாலும் குறைஞ்சாலும் மருந்து மாறக்கூடாது. நம்ம வயலுக்கு 120ஐ 0.6ஆல பெருக்குனா 72 கிராம்.

தண்ணிய வச்சு வர்ற அளவு. வேப்பங்கொட்டை கரைசல் 5 பர்சென்ட்னா 100 லிட்டருக்கு 5 கிலோ வேப்பம் பருப்புத்தூள். இங்க தண்ணி எவ்வளவு போகுதோ அதுக்கு ஏத்த மாதிரி தூளும் போகும், கரைசலோட காரம் மாறக்கூடாது.

இப்ப முதல் வகையில 72 கிராமை எத்தனை டேங்குக்கு பிரிக்கிறது? பேட்டரி ஸ்ப்ரேயர் 16 லிட்டர். மேடம் ஏக்கருக்கு இருநூறு லிட்டர்னாங்க, 60 செண்டுக்கு 120 லிட்டர், அது ஏழரை டேங்க். காகிதத்துல சரி. வயல்ல அந்த ஆளு உண்மையிலேயே ஏழரை டேங்க் அடிப்பாரா? பெரும்பாலும் நாலு டேங்குல முடிச்சிட்டு வந்திருவாரு. டேங்குக்கு பத்து கிராம்னு யாரோ சொன்னதை வச்சு போட்ருந்தா மொத்தமே 40 கிராம்தான் போயிருக்கும், 72 போக வேண்டிய எடத்துல. இதுதான் "அடிச்சேன் கேக்கல"ங்கிறதுக்கு நான் பாக்குற பெரிய காரணம், மருந்து மேலயும் ஆலோசனை மேலயும் தப்பு இல்ல.

அதனால "டேங்குக்கு எவ்வளவு"ங்கிறதை யாருகிட்டயும் கேக்காதீங்க, அதை நீங்க வயல்ல நடக்குற நடைதான் சொல்லணும். எப்படின்னா:

1. வயல்ல 5 செண்டு அளந்து குச்சி நடுங்க. ஒரு செண்டு 435.6 சதுர அடி, அஞ்சு செண்டு 2178 சதுர அடி, சுமாரா 33 அடிக்கு 66 அடி.
2. டேங்குல வெறும் தண்ணி 16 லிட்டர் ஊத்தி, எப்பவும் நடக்குற நடையில, எப்பவும் போடுற நாசில்ல அந்த 5 செண்டை அடிச்சு முடிங்க.
3. மிச்ச தண்ணிய அளந்து பாருங்க. 8 லிட்டர் மிச்சம்னா 8 லிட்டர் போயிருக்கு.

5 செண்டுக்கு 8 லிட்டர்னா 60 செண்டுக்கு 96 லிட்டர், சரியா 6 டேங்க். 72 கிராமை 6ஆல வகுத்தா டேங்குக்கு 12 கிராம். இந்த 12ங்கிற நம்பர் இந்த வயலுக்கும் இந்த ஆளுக்கும் இந்த ஸ்ப்ரேயருக்கும் மட்டும் உள்ளது. ஏக்கருக்கு பாத்தா இவரு 160 லிட்டர் அடிக்கிறாரு, சொன்ன 200ஐ விட கம்மி, ஆனா நட்டு ஒரு மாசப் பயிருக்கு அது ரொம்ப மோசமில்ல. நடையை கொஞ்சம் நிதானமாக்குனா 200 பக்கம் வந்திரும், வந்தா திரும்ப வகுக்கணும். 5 செண்டுக்கு 4 லிட்டர்தான் போகுதுன்னா அது ஓட்டம், இலை நனையாது, நடையை மாத்திட்டுதான் மேற்கொண்டு கணக்கே போடணும். கதிர் வர்ற சமயத்துல பயிர் அடர்ந்திரும், அப்ப இதே 5 செண்டுக்கு தண்ணி கூட போகும், அதனால பழைய டேங்க் கணக்கை அப்படியே தூக்கிட்டு போகக்கூடாது, மறுபடி அளக்கணும்.

72 கிராமை அளக்குறதுக்கு மூடி கணக்கு வேணாம், தூள் மருந்துல மூடிக்கு எத்தனை கிராம்னு யாருக்கும் தெரியாது. மருந்துக்குன்னே ஒரு சின்ன தராசு வச்சுக்கங்க, அது திரும்ப சமையலறைக்குள்ள போகவே கூடாது. 72 கிராமை ஒரு பிளாஸ்டிக் வாளியில 6 லிட்டர் தண்ணில கரைச்சுக்கிட்டு, ஒவ்வொரு டேங்குக்கும் ஒவ்வொரு லிட்டர் மொண்டு ஊத்துனா டேங்குக்கு 12 கிராம் தானா வந்திரும். தூள் அடியில தங்கும், அதனால ஒவ்வொரு தடவை மொள்ளும்போதும் நல்லா கலக்கிவிடணும், இல்லைன்னா முதல் டேங்க் தண்ணியாவும் கடைசி டேங்க் குழம்பாவும் போகும்.

மத்ததும் இதே மாதிரிதான். குளோரான்ட்ரனிலிப்ரோல் 60 மில்லி இந்த வயலுக்கு 36 மில்லி, 6 டேங்க்னா டேங்குக்கு 6 மில்லி. வேப்பங்கொட்டை கரைசல் 96 லிட்டருக்கு 4.8 கிலோ, அஞ்சு கிலோன்னு வச்சுக்கலாம், முந்தின நாள் ராத்திரி ஊற வச்சு ரெட்டைத் துணில வடிகட்டி, இலையில ஒட்டுறதுக்கு கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சேக்கணும். யூரியா "அரை மூட்டை"ன்னாங்க, அங்க ஒரு சிக்கல் இருக்கு: மூட்டை முன்னாடி 50 கிலோ, இப்ப வர்றது 45 கிலோ. ஏக்கருக்கு அரை மூட்டைன்னா 22.5 கிலோ, நம்ம வயலுக்கு 13.5 கிலோ. அட்டவணையில மூட்டைன்னு எழுதாம கிலோவா எழுதிருங்க.

## படி 3: நாளை எண்ணுறது, முன்னாடியும் பின்னாடியும்

தேதி எழுதுறதுக்கு முன்னாடி நட்ட நாளை சைபர்னு வச்சுக்கிட்டு எண்ணணும், ஏன்னா ஆலோசனை எல்லாம் பயிர் வயசை வச்சுதான் வரும். பிபிடி மொத்தம் 145 நாள்னு எடுத்துக்குவோம், நாத்தங்கால்ல 30 நாள் போயிருச்சு, நட்டதுலருந்து 115 நாள்ல அறுவடை. அக்டோபர் 10லருந்து 115 நாள்னா பிப்ரவரி 2. நெல்லு பூத்து சுமாரா 30 நாள்ல அறுவடைக்கு வரும், அதனால பூ 85வது நாள், ஜனவரி 3 வாக்குல. நாலஞ்சு நாள் முன்ன பின்ன ஆகும்.

இது முன்னாடி எண்ணுறது. அறுவடையிலருந்து பின்னாடியும் எண்ணணும், இதை கால்ல யாரும் சொல்றதில்ல, கேக்குறதும் இல்ல. ஒவ்வொரு மருந்துக்கும் காத்திருப்பு காலம்னு ஒன்னு உண்டு, கடைசியா அடிச்ச நாளுக்கும் அறுவடைக்கும் நடுவுல கட்டாயம் விட வேண்டிய நாளு, அதுக்குள்ள அறுத்தா அரிசியில மருந்து மிச்சம் இருக்கும். டப்பாவோட வர்ற மடிச்ச பேப்பர்ல அது இருக்கும். நெல்லுக்கு ட்ரைசைக்ளசோல் 75க்கு 30 நாள், குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5க்கு 47 நாள். உங்க டப்பா பேப்பர்ல என்ன போட்ருக்கோ அதைத்தான் எழுதணும்.

இப்ப பிப்ரவரி 2லருந்து 47 நாள் பின்னாடி போங்க. டிசம்பர் 17, அதாவது 68வது நாள். அதுக்கு அப்புறம் குளோரான்ட்ரனிலிப்ரோல் இந்த வயல்ல அடிக்க முடியாது. ஆனா கால்ல என்ன சொன்னாங்க? "பூக்குற நேரத்துல அஞ்சு பர்சென்ட்டை தாண்டுனா மறுபடி அடிக்கலாம்." பூ வர்றது ஜனவரி 3. ரெண்டு வாரத்துக்கும் மேல தாண்டிப்போகுது. மேடம் சொன்ன சேத அளவு சரி, மருந்தும் அளவும் சரி, ஆனா ரெண்டையும் ஒரே காலண்டர்ல வச்சா முட்டுது. பேச்சுல இது தெரியவே தெரியாது, அவங்க அறுவடை தேதியை கேக்கல, இவரும் சொல்லல. நாள் வரிசையில எழுதுறதால கிடைக்கிற மிகப்பெரிய பலன் இதுதான்னு நான் நெனைக்கிறேன்.

ட்ரைசைக்ளசோலுக்கு 30 நாள் பின்னாடி போனா ஜனவரி 3. கழுத்து குலை நோய்க்கு கதிர் வெளிய வர்ற சமயத்துல அடிக்கச் சொன்னாங்கன்னா, அந்த தேதிக்குள்ள முடிஞ்சாதான் உண்டு.

## படி 4: "ஆச்சுன்னா, போச்சுன்னா" எல்லாம் பாக்குற வேலையா மாறணும்

கால்ல பாதி வாக்கியம் நிபந்தனை. அதை அட்டவணையில தேதியா போட்டா தப்பு, விட்டாலும் தப்பு. அதுக்கு வழி, நிபந்தனையை ஒரு சோதனை நாளா மாத்துறது.

"பத்து பர்சென்ட்டுக்கு மேல இலை போச்சுன்னா" இருக்குல்ல, அதை கண்ணால பாத்து சொல்ல முடியாது, வரப்புல நின்னு பாத்தா எல்லாமே போன மாதிரிதான் தெரியும். வயல்ல குறுக்கா நடந்து 10 எடத்துல ஒவ்வொரு குத்துலயும் 10 இலை எண்ணுங்க. மொத்தம் 100 இலை, அதுல சுருண்டு பச்சையம் சுரண்டுனது எத்தனையோ அதுதான் பர்சென்ட். 7 வந்தா மருந்து வேணாம், 13 வந்தா வேணும். வரப்போரம் மட்டும் எண்ணாதீங்க, மரநிழல் பக்கமும் ஓரமும் எப்பவும் கூட காட்டும்.

"நோய் அடங்குனப்புறம் யூரியா"ங்கிறதுல "அடங்குறது"ன்னா என்ன? பழைய புள்ளி மறையாதுங்க, அது காஞ்ச தழும்பு, எத்தனை நாள் காத்திருந்தாலும் அப்படியேதான் இருக்கும். அடிச்சதுக்கு அப்புறம் புதுசா விரிஞ்ச இலையைப் பாருங்க, அதுல புதுப்புள்ளி இல்லைன்னா அடங்கிருச்சு. இது எழுதி வைக்கலைன்னா ஒருத்தர் பழைய புள்ளியைப் பாத்துட்டு யூரியாவே போடாம தூர் கட்டுறதை கெடுத்துக்குவாரு, இன்னொருத்தர் மூணாம் நாளே போட்டு நோயை மறுபடி கிளப்பி விட்ருவாரு, தழைச்சத்து கூடுனா குலை நோய் ஏறும்ங்கிறது தெரிஞ்ச விஷயம்தான்.

## படி 5: எச்சரிக்கை எல்லாம் அந்தந்த நாளோட ஒட்டி இருக்கணும்

பொதுவா கடைசியில "கையுறை போடவும், காத்துக்கு எதிரா அடிக்க வேண்டாம்"னு ஒரு பட்டியல் போட்ருவாங்க, அதை யாரும் படிக்கிறதில்ல. எந்த வேலையில எது ஆபத்தோ அந்த வரிக்குள்ளயே எழுதுங்க. இந்த வயலுக்கு முக்கியமா மூணு:

1. வாளியில மருந்து கரைக்கும்போதுதான் தூள் மூக்குல ஏறும், அடிக்கும்போதை விட அப்பத்தான் மருந்து கெட்டியா இருக்கு. முகக்கவசமும் கையுறையும் அந்த நிமிஷத்துக்கே வேணும்.
2. குளோரான்ட்ரனிலிப்ரோல் மனுசனுக்கு விஷம் கம்மி, டப்பாவுல பச்சை முக்கோணம்தான், ஆனா தண்ணில வாழுற சின்ன உயிருக்கு ரொம்ப கெடுதல். அடிச்ச வயல் தண்ணிய வாய்க்கால்ல திறந்து விடக்கூடாது, டேங்கையும் கண்மாயில கழுவக்கூடாது.
3. நெல்லுப்பூ விரியிறது காலைல, சுமாரா 9 மணிலருந்து மதியத்துக்குள்ள. பூ சமயத்துல அடிக்க வேண்டி வந்தா சாயங்காலம்தான்.

தலைசுத்தல், வாந்தி, கண்ணு மங்குறதுன்னு எது வந்தாலும் வேலையை நிறுத்தி உடுப்பை மாத்தி சோப்பு போட்டு கழுவிட்டு 108க்கு போன் பண்ணணும், டப்பாவை கையோட எடுத்துட்டு போகணும், டாக்டருக்கு மருந்து பேரு தெரியிறது அதுலருந்துதான்.

## திரும்ப போன் பண்ணி கேக்க வேண்டியது

எழுதி முடிச்சப்ப வெறுமையா நின்ன கட்டம் நாலு. யூகிச்சு நிரப்பாம கேள்வியா எழுதிக்கிட்டு மறுபடி கூப்பிடணும்.

1. "பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி"ன்னது நோய் மருந்தா, வேப்பங்கொட்டையா? புள்ளி இல்லைன்னாலும் அடிக்கணுமா?
2. கலந்து அடிக்கலாமான்னு கேட்டதுக்கு பதில் லைன்ல போச்சு.
3. அடிச்சு எத்தனை மணி நேரத்துக்குள்ள மழை பேஞ்சா திரும்ப அடிக்கணும்? நவம்பர் நம்ம பக்கம் மழைக்காலம், "மழை இல்லாத நாள்" கிடைக்கிறதே கஷ்டம்.
4. அறுவடை பிப்ரவரி 2, 47 நாள் காத்திருப்பு. பூ சமயத்துல சுருட்டுப்புழு வந்தா வேற எந்த மருந்து, எவ்வளவு, அதுக்கு எத்தனை நாள் காத்திருக்கணும்?

ரெண்டாவது கால்ல வேற ஆளு எடுப்பாங்க, அதனால ரகம், நட்ட தேதி, செண்டு, முன்னாடி சொன்ன மருந்து நாலையும் முதல்லயே சொல்லிருங்க. ரெக்கார்ட் பண்றதையும் சொல்லிட்டு பண்ணுங்க. இலையை கையில காட்டி கேக்கணும்னா ஒத்தக்கடை வேளாண் கல்லூரி இருக்கு, போன்ல "கண்ணு மாதிரி"ன்னு சொன்னது உண்மையில செம்புள்ளி நோயா இருக்கவும் வாய்ப்பு உண்டு, ரெண்டையும் வார்த்தையில பிரிக்கிறது கஷ்டம்.

## கடைசியில வந்த அட்டை

ரெண்டாவது கால்ல பதினஞ்சு நாள்ங்கிறது நோய் மருந்துக்குதான், புதுப்புள்ளி இருந்தா மட்டும்தான், வேப்பங்கொட்டையோட கலக்க வேணாம்னு பதில் வந்துச்சுன்னு வச்சுக்குவோம். அப்ப அட்டை இப்படி இருக்கும்:

- 31வது நாள், நவம்பர் 10. ட்ரைசைக்ளசோல் 75, மொத்தம் 72 கிராம், 6 டேங்க், டேங்குக்கு 12 கிராம். காலைல பனி காஞ்சப்புறம், இல்லைன்னா சாயங்காலம். தனியா அடிக்கணும். கரைக்கும்போது முகக்கவசம், கையுறை. யூரியா கிடையாது. ராத்திரி வேப்பம் பருப்புத்தூளை ஊறப்போட வேணாம், அது நாளைக்கு.
- 33வது நாள், நவம்பர் 12. வேப்பங்கொட்டை கரைசல் 5 பர்சென்ட், 5 கிலோ தூள், 96 லிட்டர், சாயங்காலம். 11ஆம் தேதி ராத்திரி ஊற வைக்கணும்.
- 40வது நாள், நவம்பர் 19. 100 இலை எண்ணணும். 10க்கு மேலன்னா குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5, மொத்தம் 36 மில்லி, டேங்குக்கு 6 மில்லி. வயல் தண்ணிய வெளிய விடக்கூடாது. கம்மின்னா ஒன்னும் வேணாம், வாரா வாரம் எண்ணணும்.
- 46வது நாள், நவம்பர் 25. புது இலை பாக்கணும். புள்ளி இருந்தா ட்ரைசைக்ளசோல் திரும்ப, 5 செண்டு தண்ணி அளவை மறுபடி எடுத்துட்டு. புள்ளி இல்லைன்னா யூரியா 13.5 கிலோ.
- 68வது நாள், டிசம்பர் 17. குளோரான்ட்ரனிலிப்ரோலுக்கு கடைசி நாள்.
- 85வது நாள், ஜனவரி 3 வாக்குல. பூ. ட்ரைசைக்ளசோலுக்கும் இதுதான் கடைசி நாள். கண்ணாடி இலையில 5 பர்சென்ட்டை தாண்டுனா அடிக்க வேண்டிய மருந்து: கட்டம் காலி, டிசம்பர்லயே கேட்டு நிரப்பணும்.
- 115வது நாள், பிப்ரவரி 2. அறுவடை.

அடிச்ச நாளு, அன்னைக்கு மழை வந்துச்சா, உண்மையில எத்தனை டேங்க் போச்சுன்னு ஒவ்வொரு வரிக்கு பக்கத்துலயும் பேனாவுல எழுத எடம் விடுங்க, அடுத்த கால்ல அவங்க முதல்ல கேக்குறது அதுதான்.

இந்த அட்டையை போட்டோ எடுத்து பக்கத்து வயலுக்கு அனுப்புறது நடக்கும். பக்கத்து வயல்ல அதே அக்டோபர் 10ல கோ 51 நட்ருக்காங்கன்னு வைங்க. அது 110 நாள் ரகம், நாத்தங்கால் 25 நாள் போக நட்டு 85வது நாளே அறுவடை. 47 நாள் பின்னாடி எண்ணுனா குளோரான்ட்ரனிலிப்ரோலுக்கு கடைசி நாள் 38, அதாவது நவம்பர் 17. நம்ம அட்டையில இலை எண்ணச் சொல்ற 40வது நாளுக்கு முன்னாடியே அவங்களுக்கு அந்த மருந்தோட காலம் முடிஞ்சுபோயிருது.